கரோசலில் துணி நிறம் மாறுவது

"வண்ணாரப்பேட்டையில சின்ன தையல் கடை. அளவு எடுக்குறதுல இருந்து டெலிவரி வரைக்கும் இன்ஸ்டாவில் கரோசல் போட்டேன். படத்துக்குப் படம் துணி கலர் மாறுது, ஓரமும் வெட்டுப்படுது."

வாசலில் பகல் வெளிச்சம், மெஷின் மேல் டியூப்லைட். இரண்டும் கலந்தால் போன் ஒவ்வொரு படத்திலும் நிறத்தைத் தானே திருத்தும். லைட்டை அணைத்துவிட்டு, கட்டிங் மேசையை வாசலருகே இழுத்து அங்கேயே எல்லாவற்றையும் எடுங்க.

முதல் படத்தின் அளவுக்குத்தான் மற்றவையும் வெட்டப்படும். எல்லாமே 1080×1350 ஆக இருக்கட்டும்.

ஒரே ரவிக்கையைக் கடைசிவரை காட்டுங்க. பருத்தி லைனிங்கை வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயவைப்பதை மட்டும் விட்டுவிடாதீங்க. நனைக்காமல் தைத்தால் முதல் துவைப்பிலேயே லைனிங் சுருங்கி, மேல்துணியில் சுருக்கம் விழும். கூலி ஏன் கூடுதல் என்பது அந்தப் படத்தில்தான் புரியும்.

அளவு நோட்டில் வாடிக்கையாளர் பெயரையும் போன் நம்பரையும் மறைச்சிடுங்க.