பென்ஷன் அறிக்கையை யாரிடம் கேட்பது?

"லண்டனில் வேலை. டிரஸ்ட் வழி பென்ஷன். சம்பளத்தில் பிடித்த பணம் ஒழுங்காகப் போகிறதா? ஆண்டறிக்கை கேட்டால் எச்.ஆர். 'அது உள் ஆவணம்' என்கிறார்கள்."

உள் ஆவணமெல்லாம் இல்லைங்க. பென்ஷன் பணம் டிரஸ்டை நடத்தும் அறங்காவலர்கள் கையில் இருக்கிறது, கம்பெனி கையில் இல்லை. அதனால் எச்.ஆரை விட்டுவிட்டு அறங்காவலர்களின் செயலாளருக்கே எழுதுங்கள். நிதியாண்டு முடிந்து 7 மாதத்துக்குள் அறிக்கை தயாராகியிருக்க வேண்டும். உறுப்பினர் கேட்டால் 2 மாதத்துக்குள் தர வேண்டும்.

கைக்கு வந்ததும், பங்களிப்புகள் பற்றித் தணிக்கையாளர் எழுதும் தனிக் குறிப்பைத் தேடுங்கள். அரைப் பக்கம்தான் இருக்கும். ஒப்புக்கொண்ட தேதிப்படி பணம் வரவில்லையென்றால் அங்கேதான் சொல்வார்கள்.

ஆனால் அது மொத்தத் திட்டத்துக்கான கணக்கு. உங்கள் பணத்துக்கு பேஸ்லிப்பையும் பென்ஷன் கணக்கையும் ஒப்பிடுங்கள்: மார்ச்சில் பிடித்தது ஏப்ரல் 22-க்குள் போயிருக்க வேண்டும்.