விக்ஸ் அப்படியே நிற்க, VXX மட்டும் ஏன் கரைகிறது?

கேள்வி: கொழும்பிலிருந்து வெளிநாட்டுக் கணக்கில் VXX வாங்கினேன். விக்ஸ் 14இலேயே நிற்கிறது, என் காசு மட்டும் குறைகிறது. ஏன்?

விக்ஸைக் கடையில் வாங்க முடியாது. அது வெறும் கணக்கு. S&P 500 ஆப்ஷன்களின் விலையிலிருந்து, அடுத்த 30 நாளில் அமெரிக்கச் சந்தை எவ்வளவு ஆடும் என்று எதிர்பார்க்கிறார்கள் என்பதை ஆண்டு விகிதமாகச் சொல்கிறது. 16 என்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1% ஆட்டம். ஏறுமா இறங்குமா என்று சொல்லாது. நம் கொழும்புச் சந்தையைப் பற்றியும் சொல்லாது.

VXX பங்கு போல வாங்கி விற்கிற ஒரு முதலீடு. அது பின்தொடர்வது விக்ஸின் ஃபியூச்சர்ஸை, அதாவது வரப்போகும் மாதத்து விக்ஸுக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தங்களை. அமைதியான காலத்தில் தூரத்து மாத ஒப்பந்தம் விலை கூடியது, ஏனென்றால் அதற்குள் என்ன நடக்குமோ என்ற பயத்துக்கும் சேர்த்து விலை போடுகிறார்கள். உதாரணமாக விக்ஸ் 14, முதல் மாதம் 15, இரண்டாம் மாதம் 16.50 என்று வைப்போம். ஒன்றுமே நடக்காவிட்டால், 16.50க்கு வாங்கியது ஒரு மாதத்தில் 15க்குச் சரியும். 9% போச்சு. அந்த ஒப்பந்தம் முடியப் போவதால் VXX அதை விற்று, அடுத்த மாத ஒப்பந்தத்தை மறுபடி 16.50க்கு வாங்க வேண்டும். இந்த மாற்றம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் கண்ணில் படாது. ஆனால் இதே நிலை ஓராண்டு நீடித்தால் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

பீதியில் இது தலைகீழாகும். 2020 மார்ச் 16இல் விக்ஸ் 82.69இல் முடிந்தது, அந்த நாட்களில் கிட்டத்து மாதம்தான் விலை கூடியது, வைத்திருந்தவர்களுக்கு லாபம். ஆகவே வாங்குமுன் முதலிரண்டு மாத விலைகளை ஒப்பிடுங்கள். இரண்டாவது கூடவென்றால் கரைகிற பக்கத்தில் நிற்கிறீர்கள்.