கையிருப்பு: யார் கையில் இருப்பு?

கேள்வி: மத்திய வங்கிகள் தங்கத்தை வாங்கிக் குவிக்கின்றனவாமே? கையிருப்புக் கணக்கைப் பார்த்தே வருங்காலத் தேவையைச் சொல்லிவிட முடியுமா?

பதில்: 'கையிருப்பு' என்கிறீர்களே, யார் கை? ஜெர்மனியின் தங்கத்தில் பெரும்பகுதி பல பத்தாண்டுகள் நியூயார்க், லண்டன், பாரிஸ் பெட்டகங்களில்தான் கிடந்தது. 2013 முதல் 2017 வரை 674 டன்னை நியூயார்க்கிலிருந்தும் பாரிஸிலிருந்தும் பிராங்க்ஃபர்ட்டுக்குத் தூக்கிவந்தார்கள். கட்டிகள் ஊர்வலம் வந்ததே தவிர, மொத்தத்தில் ஒரு குன்றிமணி கூடவில்லை. பீரோவைக் கூடத்திலிருந்து மாடிக்கு ஏற்றினால் உள்ளே இருக்கும் நகை குட்டி போடுமா? ஏற்றிய ஆளுக்கு இடுப்புப் பிடிக்கும், அவ்வளவுதான்.

'குவிக்கின்றன' என்பது அடுத்த வம்பு. சீன மத்திய வங்கி 2009 ஏப்ரலில் 1,054 டன் என்று அறிவித்தது. அதன்பின் ஆறு வருடம் அதே எண். 2015 ஜூன் கணக்கில் திடீரென 1,658 டன். வரைபடத்தில் போட்டால் வயல்வெளி நடுவே ஒற்றைப் பனைமரம்: ஒரே மாதத்தில் 604 டன்! அது வாங்கிய மாதம் அல்ல, வாயைத் திறந்த மாதம். 74 மாதங்களுக்குப் பிரித்துப் போட்டால் மாதத்துக்குச் சுமார் 8 டன்; பனைமரம் வரப்பாகிவிடும். அந்தச் சராசரியும் ஊகம்தான். விலை சரிந்த 2013-இல் கூடுதலாக வாங்கியிருந்தால் அது இதில் தெரியாது. வருடக்கணக்கில் அசையாத எண் ஒருநாள் எகிறினால், அதைத் தேவை என்று எண்ணாதீர்கள்.

என் பழைய சண்டை ஒன்றும் உண்டு: தங்க இருப்பை டாலரில் எழுதும் தலைப்புகள். ஒரு நாட்டிடம் 100 டன் இருக்கிறது, அது மொத்த இருப்பில் 10 சதவீதம் என்று வையுங்கள். விலை அவுன்ஸ் 2,000 டாலரிலிருந்து 3,000-க்குப் போனால், மற்றவை அப்படியே இருக்க, பங்கு 14 சதவீதத்தைத் தாண்டும். ஒரு கிராம்கூட வாங்காமலே 'தங்கத்துக்குத் தாவிய நாடு' ஆகிவிடும். டன்னைப் பாருங்கள் ஐயா, டன்னை!

டன்னில் பார்த்தால் போக்கு தெரிகிறது. 2009 வரை ஏறத்தாழ இருபது வருடம் மத்திய வங்கிகள் மொத்தத்தில் விற்றவை. 2010 முதல் வாங்குபவை. 2022, 2023, 2024 மூன்றிலும் ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல் என்கிறது உலகத் தங்கக் கவுன்சில். சர்வதேச நிதியத்திடம் நாடுகள் ஒப்புக்கொண்டதைக் கூட்டினால் அவ்வளவு வராது. மீதி, சத்தமில்லாமல் வாங்கியவர்கள் பற்றிய மதிப்பீடு. 2022 பிப்ரவரியில் ரஷ்யாவின் வெளிநாட்டு இருப்பு முடக்கப்பட்டதைப் பார்த்தவர்கள், எதை எங்கே வைத்திருக்கிறோம் என்று ஊருக்குச் சொல்லத் தயங்குவதில் ஆச்சரியமில்லை.

ஆகவே திசை தெரியும். அடுத்த வருட அளவு தெரியாது. திசையும் நிரந்தரமல்ல. 1999 முதல் 2002 வரை 395 டன்னை, அவுன்ஸ் சராசரி 275 டாலருக்குப் பிரிட்டன் விற்றபோது, 'இனி யாருக்கு வேண்டும் தங்கம்' என்பதுதான் திசையாக இருந்தது.