இன்சென்டிவ் சராசரியை நம்பி இஎம்ஐ போடலாமா?

"டூவீலர் ஷோரூமில் சேல்ஸ் வேலை. நிலையான சம்பளம் 18,000. போன ஏப்ரல் முதல் இந்த மார்ச் வரை இன்சென்டிவ் மட்டும் 1,20,000 வந்திருக்கிறது. மாதம் பத்தாயிரம் என்று வைத்து 9,500 ரூபாய் இஎம்ஐயில் பழைய கார் வாங்கலாமா?"

வேண்டாம். பன்னிரண்டால் வகுத்தது சரி. ஆனால் அனுப்பிய பட்டியலில் மாதவாரியாக விழுந்ததைப் பாருங்கள்: 6,000, 9,000, 7,000, 8,000, 4,000, 0, 6,000, 31,000, 22,000, 0, 12,000, 15,000. எட்டு மாதம் பத்தாயிரத்தைத் தொடவே இல்லை. ஆடியில் வண்டி ஓடாததன் வலி உங்கள் கணக்கில் செப்டம்பரில்தான் தெரிகிறது. ஆயுத பூஜை, தீபாவளி விற்பனைப் பணம் நவம்பரில் வருகிறது. அதனால் விற்ற மாதத்தை விடுங்கள், வங்கியில் பணம் விழுந்த மாதத்தை வைத்தே எழுதுங்கள். வரிப்பிடித்தம் போகக் கைக்கு வந்த தொகையை மட்டும். பூஜ்ஜியமும் ஒரு மாதம்தான், விட்டுவிடாதீர்கள்.

இப்போது ஏப்ரலிலிருந்து மாதம் 10,000 எடுத்துச் செலவழித்ததாகக் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். அக்டோபர் முடிவில் 30,000 ரூபாய் பள்ளம். டிசம்பரில்தான் தலை நிமிர்கிறது. அதுவரை யாரிடம் கைமாற்று வாங்குவீர்கள்?

நான் செய்வது இது. அதிகம் வந்த ஒரு மாதத்தை, அந்த 31,000ஐ, வராததாகவே வைத்துக்கொள்வேன். மிச்சம் 89,000. அதையும் பன்னிரண்டாலேயே வகுத்தால் 7,416. ஏழாயிரம் என்று வைத்துக்கொள்ளலாம். அதே ஏப்ரலிலிருந்து ஏழாயிரமாக எடுத்தால் பள்ளம் 9,000தான். இன்சென்டிவ் முழுவதையும் தனிக் கணக்கில் போட்டு, அதில் முதலில் 9,000 இருப்பு வைத்து, மாதம் ஏழாயிரத்தை மட்டும் வீட்டுக்கணக்குக்கு மாற்றுங்கள். அந்த ஏழாயிரத்துக்குள் 9,500 எப்படி அடங்கும்?

கார் கடன் ஏஜென்ட் இதைச் சொல்ல மாட்டார். சரியாக டிசம்பரில் ஃபோன் செய்து, "நவம்பர் ஸ்லிப் இருக்கா சார்?" என்பார். கடன் பட்டுவாடா ஆனால் அவருக்குக் கமிஷன், அதோடு அவர் கதை முடிந்தது. செப்டம்பரில் தவணை திரும்பினால் வங்கி ஒரு அபராதம், கடன் கொடுத்தவர் ஒரு அபராதம், கிரெடிட் ஸ்கோரில் ஒரு கறை, எல்லாம் உங்களுக்கு.

இன்னொன்று, ஸ்லாப். முதல் வண்டியிலிருந்தே இன்சென்டிவ் கொடுத்த நிர்வாகம், திடீரென்று எட்டாவது வண்டியிலிருந்துதான் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடும். கேட்டால் "மேலே முடிவு பண்ணிட்டாங்க". அன்றைக்கே உங்கள் பழைய சராசரி செல்லாக்காசு. புது மாதங்கள் சேரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கடந்த பன்னிரண்டு மாதமும் எத்தனை வண்டி விற்றீர்கள் என்பது உங்களிடம் இருக்குமே. ஒவ்வொரு மாதத்திலும் ஏழு வண்டியைக் கழித்து, மிச்சத்துக்குப் புது விகிதத்தைப் போட்டு, பட்டியலைத் திரும்ப எழுதுங்கள். மாதம் பத்து வண்டி விற்றவருக்கு மூன்றுக்குத்தான் காசு. ஏழே விற்ற மாதம் பூஜ்ஜியம். அந்தப் புதுப் பட்டியலில் உச்ச மாதத்தை நீக்கிப் பன்னிரண்டால் வகுத்தால் கிடைப்பதுதான் இனி உங்கள் தொகை.