ஆட்டோக்காரருக்கு டிஸ்சார்ஜ் அன்று கொடுக்க வேண்டிய கடிதம்

கேள்வி: “மேனியாவோடு வார்டில் இருந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் நாளைக்கு டிஸ்சார்ஜ் ஆகிறார். வாகனம் ஓட்டலாம் என்று கடிதம் கேட்கிறார். நான் உளநலப் பிரிவுக்குப் புதிதாக வந்த மெடிக்கல் ஒபிசர். என்ன எழுத வேண்டும்?”

இப்போதைக்கு ஓட்ட வேண்டாம் என்றுதான் எழுத வேண்டும். அதோடு எந்தெந்த வாகனம், மறுபடி எப்போது பார்ப்போம், எந்த நாளிலிருந்து கணக்கு என்பதையும் எழுதுங்கள். இவை இல்லாத கடிதத்தை அவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுநாளே ஸ்டாண்டுக்குப் போய்விடுவார்.

அனேகமாக நீங்கள் டயக்னோசிஸ் கார்டையும் மருந்துச் சீட்டையும் எழுதி முடித்து, வெளியே வீட்டுக்காரர் வேனோடு காத்து நிற்கும் நேரத்தில்தான் இந்தக் கடிதத்தை எழுதப் போகிறீர்கள். ‘ஃபிட் டு டிரைவ்’ என்று இரண்டு சொல் எழுதி சீல் குத்திவிடத் தோன்றுவது அப்போதுதான். அந்த நிமிடத்தில் உங்களுக்குத் தெரிந்தது அவர் வார்டில் எப்படி இருந்தார் என்பது மட்டும். வார்டில் பத்து மணிக்கு லைட் அணைகிறது, தாதி கையால் குளிசை வருகிறது, போனும் காசும் கையில் இல்லை. வீட்டுக்குப் போன பிறகு அந்த மனிதர் எப்படி இருப்பார் என்று நாளைக்கு யாராலும் சொல்ல முடியாது.

கால அளவுக்கு நான் எடுப்பது பிரித்தானியாவில் ஓட்டுநர் லைசன்ஸ் கொடுக்கும் டிவிஎல்ஏயின் வழிகாட்டல். மேனியாவுக்குப் பிறகு கார், மோட்டார் சைக்கிள் ஓட்ட, குறைந்தது 3 மாதம் நலமாகவும் நிலையாகவும் இருந்திருக்க வேண்டும். 12 மாதத்துக்குள் மனநிலை மாற்றம் 4 தடவையோ அதற்கு மேலோ வந்தவர் என்றால் 6 மாதம். பஸ், லொறிக்கு 12 மாதம். அது அந்த நாட்டுச் சட்டத்துக்காக எழுதப்பட்டது, நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் ஒவ்வொரு டொக்டரும் மனதில் பட்டதைச் சொல்வதைவிட ஓர் அளவு கையில் இருப்பது நல்லது. உங்கள் ஆலோசகர் வேறு அளவு வைத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

அந்த 3 மாதத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் அதிகம் பிழை நடக்கிறது. பலரின் விபரங்களைக் கலந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். கல்முனைப் பக்கம் ஆட்டோ ஓட்டும் 34 வயதுக்காரர். ஐந்து இரவு தூங்காமல், காசு வாங்காமல் ஆட்களை ஏற்றிக்கொண்டு பொத்துவிலுக்கும் திரும்பவுமாக ஓடியிருக்கிறார். எதிரே வரும் பஸ்தான் தனக்கு வழிவிட வேண்டும் என்று நம்பியிருக்கிறார். ஜனவரி 6 வார்டில் சேர்ந்தார். 22ஆம் திகதியிலிருந்து ஏழு மணித்தியாலம் தூங்கினார். 27ஆம் திகதி டிஸ்சார்ஜ்.

வீட்டார் சேர்ந்த நாளிலிருந்து எண்ணுவார்கள்; ஏப்ரல் 6 வரும். டிஸ்சார்ஜிலிருந்து எண்ணினால் ஏப்ரல் 27. இரண்டும் பிழை. பெப்ரவரி 10 கிளினிக்கில் மனைவியைத் தனியாகக் கேட்டபோது, வீட்டுக்கு வந்த முதல் கிழமை நாலரை மணித்தியாலம்தான் தூக்கம், நடுச்சாமத்தில் கூட்டாளிமாருக்கு போன், இரண்டாவது ஆட்டோ எடுக்க லீசிங் கம்பனிக்கு ஒரு தடவை போனது எல்லாம் வெளியே வந்தன. அவரைக் கேட்டால் “நல்லாத்தான் இருக்கன் டொக்டர்” என்றார். பெப்ரவரி 3க்குப் பிறகுதான் தூக்கமும் பேச்சும் செலவும் பழைய அளவுக்கு வந்திருக்கின்றன. ஆகவே கணக்கு பெப்ரவரி 3இல் தொடங்கி மே 3இல் முடிகிறது. டிஸ்சார்ஜ் அன்று ‘ஏப்ரல் 27 முதல் ஓட்டலாம்’ என்று எழுதியிருந்தால், இன்னும் குணமாகாத ஒரு கிழமையை நீங்களே குணமான கிழமையாக்கியிருப்பீர்கள்.

அதனால் முதல் கடிதத்தில் முடியும் திகதியைப் போடாதீர்கள். மேலே சொன்னவருக்கு இப்படி வரும்:

“நீங்கள் ஜனவரி 6 முதல் 27 வரை எங்கள் வார்டில் சிகிச்சை பெற்றுத் தேறியிருக்கிறீர்கள். இன்று முதல் ஆட்டோ, மோட்டார் சைக்கிள், லாண்ட்மாஸ்டர் உட்பட எந்த மோட்டார் வாகனமும் ஓட்ட வேண்டாம். தொடர்ந்து குறைந்தது 3 மாதம் நலமாக இருந்த பிறகே இதை மாற்றலாம். அந்த 3 மாதம் எந்த நாளில் தொடங்கியது என்பதைப் பெப்ரவரி 10 கிளினிக்கில் உங்களையும் வீட்டாரையும் கேட்டு முடிவு செய்வோம். இரவுக் குளிசைகளின் மயக்கம் காலையிலும் இருக்கக்கூடும். இந்த ஆலோசனை உங்கள் சம்மதத்துடன் மனைவி முன்னிலையில் விளக்கப்பட்டது.”

கடிதத்தை நோயாளிக்கே எழுதுங்கள். நோயின் பெயர் அதில் தேவையில்லை. அவர் ஆட்டோ சங்கத்திலோ லீசிங் கம்பனியிலோ காட்டினாலும் அவருடைய மானம் போகக்கூடாது. லாண்ட்மாஸ்டர் என்று பெயர் சொல்லி எழுதுவதற்குக் காரணம் உண்டு: நம் பக்கத்தில் ‘வாகனம்’ என்றால் ரோட்டில் ஓடுவது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், வயலுக்குள் ஓடுவதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. தமிழில் எழுதுங்கள், சிங்களம் பேசும் குடும்பம் என்றால் சிங்களத்தில். வீட்டில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாத ஆங்கிலத்தில் மருந்து, தடை, எச்சரிக்கை எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு ‘சொன்னால் கேட்பதில்லை’ என்று நோயாளியைக் குறை சொல்லும் பழக்கம் எனக்கு உண்மையாகவே கோபம் வரச்செய்வது. பிரதி ஒன்றை கிளினிக் கொப்பியில் ஒட்டுங்கள்.

அடுத்தது மருந்து. அந்த மனிதர் வீட்டுக்குப் போகும்போது இரவில் லித்தியம் 750 மில்லிகிராம், ஒலன்சபீன் 15, குளோனசெபாம் 1. மனநிலை சரியாகிவிட்டாலும் இந்த அளவில் காலை ஆறு மணிக்கு ஸ்கூல் ஹயருக்குப் போவது ஆபத்து. குளோனசெபாமில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஒரு நாளுக்கு மேல் ஆகும், அதனால் ராத்திரிதானே குடித்தேன் என்ற சமாதானம் செல்லாது. கிளினிக்கில் “தூக்கம் வருதா?” என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். எத்தனை மணிக்கு எழும்புகிறார், எழும்பிய பிறகு தேத்தண்ணிக் கோப்பையோடு எவ்வளவு நேரம் அப்படியே குந்தியிருக்கிறார், மத்தியானம் கதிரையில் கண் அசருகிறாரா என்று மனைவியைக் கேளுங்கள். இவருக்குக் குளோனசெபாமைப் படிப்படியாகக் குறைத்துப் பெப்ரவரி கடைசியில் நிறுத்தி, ஒலன்சபீனை 10 ஆக்கி, பதினொரு மணிக்குக் குடித்ததை எட்டரைக்கு மாற்றிய பிறகுதான் காலை தெளிந்தது. ஹலோபெரிடோலோடு பென்செக்சோல் போகிறவர் என்றால் கண் மங்குகிறதா என்றும் பாருங்கள். கிளினிக் கொப்பியின் சிறிய எழுத்தை வாசிக்கச் சொன்னாலே தெரிந்துவிடும்.

லித்தியத்தில் தனியாக ஒன்று. ஆட்டோக்காரர் முழுநாளும் வெயிலில் வேர்க்கிறவர். நாரி வலிக்கு பாமசியில் டைக்ளோபெனக் வாங்கிப் போடுகிறவரும் அவரே. நீர் வற்றியும் அந்தக் குளிசையாலும் இரத்தத்தில் லித்தியம் ஏறும். கடைசிக் குளிசைக்கு 12 மணித்தியாலத்துக்குப் பிறகு எடுத்த இரத்தத்தில் லீட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் இருப்பது நல்ல அளவு. கை பெரிதாக நடுங்கினால், நடை தள்ளாடினால், நாக்குக் குழறினால் அன்றே ஓட்டுவதையும் லித்தியம் குளிசையையும் நிறுத்திவிட்டு வார்டுக்கு வர வேண்டும் என்று இரண்டாவது கடிதத்தில் ஒரு வரி போடுங்கள்.

அந்த இரண்டாவது கடிதம் மே 3க்குப் பிறகு. அதற்கு முன் ஆலோசகர் ஒரு தடவை நேரில் பார்த்திருக்க வேண்டும். மேனியா இறங்கியபின் மனச்சோர்வு வந்ததா என்பதை மறக்காமல் கேளுங்கள். பேச்சுக் குறைந்து வீட்டுக்குள்ளேயே படுத்துக் கிடப்பவரை ‘அடங்கிவிட்டார்’ என்று வீட்டார் சந்தோசமாகச் சொல்வார்கள். பிரேக் பிடிக்கத் தாமதிப்பவரும் உயிர் வேண்டாம் என்று நினைப்பவரும் அவர்தான். அப்படியானால் கணக்கு மறுபடி தொடங்கும்.

எல்லாம் சரியென்றாலும் மோட்டார் சைக்கிளையும் ஆட்களை ஏற்றும் ஆட்டோவையும் ஒரே வரியில் அனுமதிக்க மாட்டேன். பிரித்தானியாவிலும் டாக்சி அனுமதி கொடுக்கும் உள்ளூர் சபைகள் பல, பஸ் லொறிக்கான அளவையே கேட்கின்றன. நம் ஊரில் ஆட்டோவுக்கு 12 மாதம் என்றால் வீட்டில் அடுப்பெரியாது, அதுவும் எனக்குத் தெரியும். என் கணிப்பில் மே 3 முதல் சொந்த மோட்டார் சைக்கிள்; ஒரு மாதம் கழித்து மறுபடி பார்த்து, ஆலோசகர் ஒப்பினால் பகலில் மட்டும், ஊருக்குள் ஆட்டோ ஹயர். இரவு ஹயர் கடைசியாக வரட்டும். இருட்டில் ரோட்டில் படுத்திருக்கும் மாடு கண்ணுக்குத் தெரிய முழு விழிப்பு வேண்டும், இரவு ஓட்டம் தூக்கத்தையும் குலைக்கும். இந்த நோயில் தூக்கம் குலைந்தாலே அடுத்த மேனியா கிட்ட வந்துவிடும். இரண்டு இரவு தொடர்ந்து ஐந்து மணித்தியாலத்துக்குக் குறைவாகத் தூங்கினால் சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டு கிளினிக்குக்கு வர வேண்டும் என்று எழுதுங்கள். சாராயம் குடித்த நாளில் ஓட்டவே கூடாது என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

ஏழையின் வயிற்றில் அடிக்கிறீர்கள் என்று யாராவது கீழே எழுதுவார்கள். மூன்று மாதமும் லீசிங் கட்டுப்பணம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதனால் ஆட்டோவைத் தம்பியோ மச்சானோ நாள் வாடகைக்கு ஓட்ட ஏற்பாடு செய்ய முடியுமா என்று டிஸ்சார்ஜுக்கு முன்னரே வார்டில் வைத்துப் பேசுங்கள். வாகனம் சும்மா வாசலில் நிற்கும் வீடுகளில்தான் இரண்டாம் கிழமையே சாவி கைமாறுகிறது.

கடிதத்தை மீறி ஓட்டுகிறார் என்று தெரிந்தால் முதலில் அவரிடமே பேசி, என்ன பேசினீர்கள் என்பதைத் திகதியோடு பதியுங்கள். அப்பவும் நிறுத்தாமல், நோயும் திரும்பியிருக்கிறது என்றால், ஆலோசகரோடு பேசி, அறிவிக்கப் போகிறோம் என்று அவருக்குச் சொல்லிவிட்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குத் தேவையான அளவு விபரம் மட்டும் அறிவிக்கலாம். ரோட்டில் போகிறவர்களின் உயிர் அங்கே முன்னுக்கு வருகிறது.

நீங்கள் கொடுப்பது ஆலோசனைக் கடிதம். லைசன்ஸ் புதுப்பிக்கும் மருத்துவச் சான்றிதழ் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தில்தான் எடுக்க வேண்டும். அங்கே போகும்போது உங்கள் இரண்டாவது கடிதத்தையும் கடைசி லித்தியம் றிப்போட்டையும் கையோடு கொண்டுபோய், மருந்து எடுப்பதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.