கரு வைத்த பிறகு வயிறு திரும்ப ஊதினால்

"டாக்டர், எனக்கு வயது 29. டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். சினைப்பை நீர்க்கட்டி உண்டு. ஐ.வி.எஃப். செய்து 22 முட்டை எடுத்தார்கள். ஐந்து நாள் வளர்ந்த கரு ஒன்றை வைத்து இன்றோடு 6 நாள். முட்டை எடுத்ததும் ஊதிய வயிறு வற்றிவிட்டது, இப்போது மூன்று நாளாகத் திரும்ப உப்புகிறது. எடை 58 கிலோவிலிருந்து 61.5 ஆகிவிட்டது. நேற்றிலிருந்து சிறுநீரும் குறைவு. மலச்சிக்கல், மார்பகக் கனம், முகப்பரு வேறு. சினைப்பை வெடித்துவிடும் என்று நெட்டில் போட்டிருக்கிறது. மாமியார் தன்னுடைய நீர் மாத்திரையில் ஒன்று தந்தார். வலிக்கு இபுபுரோஃபென் போட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊசி, ஸ்கேன் என்று கருவைக் கலைத்துவிடுவார்களோ? அடுத்த வாரம் காவடி, நேர்த்திக்கடனும் இருக்கிறது."

இந்தப் பதிலை உங்களுக்குத் தனியாக அன்றே அனுப்பிவிட்டேன். இங்கே வருவது மற்றவர்களுக்காக.

இன்றே கிளினிக்கின் அவசர எண்ணைக் கூப்பிடுங்கள். யாரும் எடுக்கவில்லை என்றால் நேராக கேஷுவல்ட்டிக்குப் போய், "ஐ.வி.எஃப். முடிந்து சினைப்பை அதிகத் தூண்டல், சிறுநீர் குறைந்துவிட்டது" என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். வெறும் "வயிற்று வலி" என்று சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள்.

இந்த வைத்தியத்தால் கரு கலையாது. வயிற்றில் சேர்ந்த நீரை எடுக்கும் ஊசி, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே கர்ப்பப்பைக்கு வெளியே இருக்கும் இடத்தில்தான் போகும். நரம்பில் ஏற்றும் திரவம் கருவை அசைக்காது. ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரின் ஊசி நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போவதில்லை. புரோஜெஸ்ட்டிரோன் மருந்தையும் நிறுத்தச் சொல்ல மாட்டார்கள். வீட்டிலேயே இருந்து ரத்தம் கெட்டியாவதுதான் உங்களுக்கும் கருவுக்கும் ஆபத்து.

அது எப்படி என்று சொல்கிறேன். முட்டை எடுப்பதற்குச் சுமார் 36 மணி நேரம் முன்பு, முட்டையை முதிர வைக்க ஒரு டிரிக்கர் ஊசி போட்டிருப்பார்கள். பெரும்பாலும் அது எச்.சி.ஜி. ஹார்மோன். நிறைய முட்டைப் பைகள் வளர்ந்த சினைப்பையில் அது பட்டதும், ரத்தக் குழாய்களைக் கசிய வைக்கும் ஒரு புரதம் அளவுக்கு மீறிச் சுரக்கிறது. குழாய்ச் சுவர் புது மண்பானை போலக் கசிய, ரத்தத்திலிருக்கும் நீர் வயிற்றுக்குள் இறங்குகிறது. வயிறு ஊதுகிறது, ஆனால் ரத்தக் குழாய்க்குள் நீர் போதாமல் ரத்தம் கெட்டியாகிறது. சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தமும் குறைகிறது. உடம்பில் நீர் கூடியிருக்கும்போதே சிறுநீர் குறைவது இதனால்தான்.

இப்போது அந்த நீர் மாத்திரைக்கு வருவோம். அம்மா, அது உங்கள் மாமியாரின் காலுக்கோ இதயத்துக்கோ எழுதிக் கொடுத்தது. ஏற்கெனவே நீர் வற்றிப்போன ரத்தத்திலிருந்து அது இன்னும் நீரைப் பிழிந்தெடுக்கும். வயிற்றில் இருப்பதோ அப்படியே நிற்கும். இபுபுரோஃபென் தத்தளிக்கும் சிறுநீரகத்தை மேலும் அடிக்கும். இரண்டையும் விடுங்கள். வலிக்கு பாராசிட்டமால், அதாவது பனாடோ, போதும். எத்தனை மாத்திரை, எப்போது போட்டீர்கள் என்பதைப் போகிற இடத்தில் மறைக்காமல் சொல்லுங்கள். மாமியார் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

வற்றிய வயிறு ஏன் திரும்ப ஊதியது? முதலில் வந்தது டிரிக்கர் ஊசியால் வந்தது. அது பெரும்பாலும் ஊசி போட்ட ஒன்பது நாளுக்குள் வரும், பிறகு அடங்கும். உங்களுக்கு ஊசி போட்டு ஏறக்குறைய 13 நாள் ஆகிறது. பத்து நாளுக்குப் பிறகு புதிதாக ஊதினால், எச்.சி.ஜி. வேறு எங்கிருந்தோ வருகிறது என்று சந்தேகிக்க வேண்டும். ஒட்டிக்கொண்ட கருவே அதைச் சுரக்கும். அதற்காக இப்போதே பாயசம் வைத்துவிடாதீர்கள், கர்ப்பமா என்பதை ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். வீட்டுப் பட்டையில் கோடு தெரிந்தாலும் பழைய ஊசியின் மிச்சமாக இருக்கலாம். நான் கவனிப்பது வேறு விஷயம்: தாமதமாக வரும் இந்த வகைதான் பெரும்பாலும் கடுமையாகவும் நீண்டும் போகும். கரு தங்கியிருந்தால் ஹார்மோன் நாளுக்கு நாள் ஏறுமே தவிர இறங்காது.

உங்கள் நிலை எந்தப் படி? வயிறு உப்பி லேசாக வலித்தால் லேசான படி. குமட்டல், வாந்தி, ஸ்கேனில் நீர் தெரிவது நடுத்தரம். நீர் கையால் பார்த்தாலே தெரிந்து, ஒரு நாள் முழுக்கச் சேர்த்த சிறுநீர் 300 மில்லிக்குக் கீழே போய், ரத்தம் எவ்வளவு கெட்டி என்று காட்டும் ஹெமட்டோக்ரிட் 45 சதவீதத்தைத் தாண்டினால் கடுமையான படி. இவற்றில் ஏதாவது ஒன்றே போதும். ஹெமட்டோக்ரிட் 55 சதவீதத்தைத் தாண்டினாலோ, ரத்தக் கட்டி வந்தாலோ, மூச்சு முட்டினாலோ உயிராபத்து. ஒரு நாளைக்கு ஒரு கிலோவுக்கு மேல் எடை ஏறியதையும் சிறுநீர் குறைந்ததையும் சேர்த்துப் பார்த்தால், நீங்கள் நடுத்தரத்தைத் தாண்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்வேன். படி ஒரே நாளில் மாறும், அதனால் நாளை பார்க்கலாம் என்பது சரிவராது.

ஆஸ்பத்திரியில் தினமும் எடை, வயிற்றுச் சுற்றளவு, உள்ளே போகும் நீரும் வெளியே வருவதும் எழுதுவார்கள். ரத்தத்தில் ஹெமட்டோக்ரிட், உப்பு, சிறுநீரகம், அல்புமின் பார்ப்பார்கள். வாந்திக்கு மருந்து, ரத்தம் உறையாமல் ஹெப்பாரின். திரவம் கொடுத்தும் சிறுநீர் வராவிட்டால், அல்லது வயிறு இறுகி மூச்சு வாங்கினால் நீரை வடித்துவிடுவார்கள். வடித்ததும் சிறுநீர் திரும்ப வருவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். கசிவை நிறுத்தும் மந்திர மருந்து கிடையாது. அது தானாக நிற்கும்வரை உங்களைக் காப்பதுதான் வைத்தியம். கர்ப்பம் இல்லை என்றால் மாதவிலக்கோடு அடங்கும், இருந்தால் சில வாரம் இழுக்கும். வீட்டுக்கு வந்த பிறகும் கழுத்தில் ஒரு பக்கம் வலித்து வீங்கினாலோ, ஒரு கை தடித்தாலோ உடனே திரும்பிப் போங்கள். இந்த நோயில் ரத்தம் காலில் மட்டுமல்ல, கழுத்து நரம்பிலும் கட்டும்.

லேசான படியில் வீட்டில் இருப்பவர்கள் காலையில் கழிவறை போன பிறகு எடை பாருங்கள். சமையலறை அளவு ஜக் ஒன்றை அதற்கென ஒதுக்கிச் சிறுநீரை அளங்கள். ஒரு நாளில் ஒரு லிட்டருக்குக் கீழே வந்தாலே கிளினிக்குக்குச் சொல்லுங்கள். தாகத்துக்குத் தண்ணீர் குடித்தால் போதும்.

மலச்சிக்கல், மார்பகக் கனம், முகப்பரு எல்லாம் ஹார்மோன் மருந்துகளின் வேலை, விடுங்கள். சினைப்பை குண்டு மாதிரி வெடிப்பது நெட் கதை, அதிலுள்ள கட்டி உடைந்து ரத்தம் கசிவது அரிதாக நடக்கலாம். நான் அதிகம் பயப்படுவது சினைப்பை முறுக்கிக்கொள்வதற்கு: திடீரென ஒரே பக்கம் தாங்க முடியாத வலி, கூடவே வாந்தி. ஊதிய சினைப்பையோடு காவடி தூக்கி ஆடுவது அதற்கு நேர்வழி. விரதமும் இந்த வருடம் வேண்டாம். முருகன் அடுத்த வருடமும் அங்கேதான் இருப்பார்.

இன்னொரு முறை ஐ.வி.எஃப். தேவைப்பட்டால், இந்த முறை நடந்ததை முதல் நாளே சொல்லுங்கள். முட்டை முன்கூட்டியே வெளியேறாமல் தடுக்கும் ஆன்டகானிஸ்ட் ஊசி முறையில் முட்டை வளர்த்தால் எச்.சி.ஜி.க்குப் பதில் வேறு டிரிக்கர் ஊசி போடலாம். கருக்களை எல்லாம் உறைய வைத்து, சினைப்பை அடங்கிய பிறகு ஒன்றை வைக்கலாம். அப்படிச் செய்தால் இந்த ஆபத்து பெருமளவு குறையும். நீர்க்கட்டியும் 22 முட்டையும் உள்ளவருக்கு அதைச் செய்வார்களா என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.