சிம்னி ஓடியும் தாளிப்பு நெடி கூடத்துக்கு வருவது ஏன்?

"பொள்ளாச்சியில் புது வீடு. தென்கிழக்கு மூலையில் சமையலறை. சிம்னி ஓடும்போதும் மிளகாய் தாளித்தால் கூடத்தில் இருமல் வருகிறது. சிம்னி சரியில்லையா?"

சிம்னியை மாற்றுவதற்கு முன் அடுப்புக்குப் பக்கத்து ஜன்னலைப் பாருங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிக்கிறது. தெற்கு ஜன்னல் திறந்திருந்தால் அது புகையைச் சிம்னிக்கு எட்டுமுன்பே கூடத்துக்குத் தள்ளிவிடும்.

உடுமலையில் என் அக்கா வீட்டில் இதே தொல்லை இருந்தது. சமைக்கும்போது அடுப்போரத் தெற்கு ஜன்னலை மூடி, கூடத்து மேற்கு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தோம். சிம்னி வெளியேற்றும் காற்றுக்கு ஈடாக வேறு காற்று உள்ளே வந்தாக வேண்டும். அது கூடத்தின் வழியாக வந்தால் நெடி எதிர்த்து வர முடியாது. எல்லா ஜன்னலையும் அடைத்துவிட்டால் சிம்னி இரைச்சல் போடுமே தவிர இழுக்காது.

ஊதுபத்தியைச் சமையலறை வாசலில் பிடித்துப் பாருங்கள். புகை அடுப்பை நோக்கிச் சாய்ந்தால் சரி. கூடத்துப் பக்கம் சாய்ந்தால் எந்த ஜன்னலைத் திறப்பது, எதை மூடுவது என்று இன்னும் மாற்றிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது சிம்னியின் புகைக்குழாய். அக்கா வீட்டில் அதன் வாய் தெற்குச் சுவரில் காற்றுக்கு நேரே இருந்தது. கிழக்குச் சுவருக்கு மாற்றினோம். ஆறு அங்குலக் குழாய், ஒரே வளைவு. மார்கழியில் காற்று கிழக்கிலிருந்து திரும்பும் என்பதால், எதிர்க்காற்றில் தானே மூடிக்கொள்ளும் மடலையும் வாயில் பொருத்தினோம். கூரைக்கு மேலே குழாயை ஏற்ற முடிந்தால் அதுவே மேல். அடுப்புக்கும் சிம்னிக்கும் இடைவெளி 65 முதல் 75 சென்டிமீட்டர் இருக்கட்டும்.